24 பட்டைகளில் ஒரு வீடு: ஸ்மார்ட் மீட்டர் படத்தைப் படிக்கும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளில் செயலியைத் திறந்தால், ஒரு நாளின் மின்செலவு மணிக்கு ஒரு பட்டையாக, 24 பட்டைகளாக வரிசை கட்டி நிற்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுல எது கரண்டைத் திங்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பார்த்துச் சொல்லலாம். ஆனால் அந்தப் படத்தில் எந்தச் சாதனத்தின் பெயரும் எழுதியிருக்காது. எந்த மணியில் எத்தனை யூனிட் போனது என்பது மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் நாம் ஊகித்து, சோதித்து உறுதிசெய்ய வேண்டியது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வீட்டின் படத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். நண்பரின் தங்கை அனுப்பியது. ஏப்ரல் மாதத்து வேலைநாள். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, குளியலறையில் 15 லிட்டர் கீசர், ஒரு குதிரைத்திறன் மோட்டார், இண்டக்ஷன் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கரண்ட் போனால் ஃபேன் ஓட யூபிஎஸ். கூடவே தீர்ப்பும் வந்திருந்தது: "ஏசிதான் அண்ணா, வேற என்ன? வித்துடலாமான்னு பார்க்கிறேன்."

படத்தில் இருந்தவை இவை. எண்களைக் கணக்கு எளிதாகும்படி முழுமையாக்கியிருக்கிறேன். இரவு 10 முதல் 11 மணிக்குள் 1.5 யூனிட், அடுத்த மணியில் 1.0, நள்ளிரவு முதல் 5 வரை மணிக்கு 0.7, 5 முதல் 6 வரை 0.6. காலை 6 முதல் 7 வரை 1.9. இதுதான் அன்றைய மிக உயரமான பட்டை. 7 முதல் 8 வரை 1.1, அடுத்த மணியில் 0.5. காலை 9 முதல் மாலை 4 வரை, வீடு பூட்டிக் கிடந்த ஏழு மணி நேரமும், ஒரே மட்டமாக 0.25. மாலையில் மெல்ல ஏறி 7 மணிக்கு மேல் 0.7, பிறகு சற்றுத் தணிவு. அன்றைய மொத்தம் 15 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே.

செய்ய வேண்டியவை

படத்தை முழுசாக எடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் அளவுகோல், கீழே இருக்கும் மணி, மேலே இருக்கும் தேதி, நாள் மொத்தம், இந்த நான்கும் தெரிய வேண்டும். பட்டையைத் தொட்டால் எண் வரும் செயலி என்றால், உயரமான மூன்று நான்கு பட்டைகளைத் தொட்டுத் தொட்டுத் தனித்தனியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் வராவிட்டால் படத்தைப் பெரிதாக்கி ஸ்கேலை வைத்து அளக்கலாம். பூஜ்யக் கோட்டுக்கும் 1.0 கோட்டுக்கும் இடையே 4 சென்டிமீட்டர், பட்டை 6 சென்டிமீட்டர் என்றால் அது 1.5 யூனிட். அளப்பதற்கு முன் அளவுகோல் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

அலகைப் படியுங்கள். அளவுகோலின் ஓரத்தில் `kWh` என்று இருந்தால் அது நாம் சொல்லும் யூனிட். சில மீட்டர்கள் `kVAh` என்ற கணக்கையும் சேர்த்தே பதிவு செய்கின்றன. செயலி எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் படித்தால், மோட்டார் போன்றவை உண்மையில் எடுத்ததைவிட அதிகம் எடுத்ததாகத் தோன்றும். சோலார் வைத்த வீடுகளில் இன்னொரு சிக்கல். பகலில் கூரையிலிருந்து வருவதை வீடே செலவழித்துவிடும். மீட்டர் காட்டுவது வெளியிலிருந்து வாங்கிய மிச்சத்தை மட்டும்தான். பகல் பட்டைகள் குட்டையாக இருப்பதால் பகலில் செலவே இல்லை என்று ஆகாது.

ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்பதை மனத்தில் விரித்துப் பாருங்கள். இந்த வேலையின் நுட்பமே இதுதான். பட்டை காட்டுவது அந்த மணி முழுக்கச் சேர்ந்த செலவை. 2,000 வாட்ஸ் கீசர் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் 2 யூனிட். ஆனால் அது அப்படி எரிவதில்லை. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேலே போதும். 16 நிமிடத்தில் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும். ஆகவே வீட்டிலேயே அதிக வாட்ஸ் உள்ள சாதனம் படத்தில் அரை யூனிட்டாக ஒடுங்கிக் கிடக்கலாம். அதற்கு நேர்மாறாக 150 வாட்ஸ் சாதனம் ஒன்று ராப்பகலாக ஓடினால் எந்த மணியிலும் துருத்திக்கொண்டு தெரியாது; நாள் முடிவில் 3.6 யூனிட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

வீடு காலியாக இருந்த மணிகளை முதலில் படியுங்கள். எப்போதும் ஓடும் அடிச்செலவைத் தெரிந்துகொள்ள அதிகாலை 3 மணிப் பட்டையைப் பார்க்கச் சொல்வார்கள். குளிர்நாட்டு வீட்டுக்கு அது சரி. நம் வீட்டில் 3 மணிக்குத்தான் எல்லா அறையிலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், ஏசியும் சேர்ந்திருக்கும். பழைய வகை ஃபேன் ஒன்றுக்கு 70, 75 வாட்ஸ். நான்கு ஃபேன் என்றால் மணிக்கு 0.3 யூனிட். அதனால் எல்லாரும் வெளியே போன பின் வரும் பட்டையைப் பாருங்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த நாளின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

நம் வீட்டில் அது 0.25. இங்கேதான் எனக்கு இடித்தது. பூட்டிய வீட்டில் ஓடுவது என்ன? ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு 1.2 யூனிட் எடுப்பதாக வைத்தாலும் மணிக்கு 0.05தான். வைஃபை ரவுட்டர், கேமரா, ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இன்னொரு 0.05 போட்டாலும் 0.10 தாண்டாது. மீதி 0.15க்கு ஆள் தெரியவில்லை. அதைப் பிறகு பிடிப்போம்.

அடிச்செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு நடை இருக்கிறது. இன்வெர்ட்டர் ஏசி முதல் மணியில் சூடான அறையைக் குளிர்விக்க முழு மூச்சாக ஓடும், அடுத்த மணியில் தணியும், பிறகு விடியும்வரை ஒரே மட்டமாகப் போகும். பட்டைகள் மாடிப்படி இறங்குவதுபோல் தெரியும். பழைய வகை, அதாவது கம்ப்ரசர் முழுசாக ஓடும் இல்லையேல் நிற்கும் ஏசியில் இந்தப் படி அவ்வளவாக இருக்காது. இரவு முழுக்கப் பட்டைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தடிமனாக நிற்கும். கீசர் தினமும் ஒரே மணியில் ஒற்றைப் பட்டையாக எழும், குளிர் கூடினால் அதுவும் கூடும். ஏசி வெயிலோடு ஏறும். ஒரே மாதத்தில் இரண்டையும் பிரிக்க முடியாவிட்டால் மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் அருகருகே வைத்தால் போதும்.

நம் கணக்குக்கு வருவோம். இரவு 10 மணிப் பட்டை 1.5. அடிச்செலவு 0.25, இரண்டு ஃபேன் 0.15 போனால் 1.1 ஏசிக்கு. அடுத்த மணியில் அதே கழித்தலில் 0.6. நள்ளிரவுக்கு மேல் மணிக்கு 0.3. ஆக ஏசியின் முழு இரவுச் செலவு சுமார் மூன்றரை யூனிட். விற்கப்போவதாகச் சொன்ன ஏசி, ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் ஏசி.

இரண்டு சாதனம் ஒரே மணியில் கலந்திருந்தால், அவை கலக்காத நாளைத் தேடுங்கள். காலை 6 மணிப் பட்டை 1.9. அடிச்செலவும் ஃபேனும் போக 1.5. ஏப்ரலிலும் வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டேன் என்கிற ஆள் அந்த வீட்டில் இருக்கிறார், மனைவிக்கும் அது பழகிவிட்டது. கீசர் இரண்டு தடவை சூடாகும். அதே நேரத்தில் மேல்தொட்டிக்கு மோட்டாரும் ஓடும். எது எவ்வளவு? அன்றைய ஒரு படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஒரு வாரப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது, ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தப் பட்டை 1.4ஆகக் குறைந்திருந்தது. தொட்டி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் நிரம்புகிறது. ஆகவே வித்தியாசமான 0.5 மோட்டாருடையது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாட் எடுக்கும். அரை மணி ஓடியிருக்கிறது என்று கணக்கும் ஒத்துப்போகிறது. மிச்சம் ஒரு யூனிட், இரண்டு தடவை சூடான கீசர். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் இதே பட்டை 8 மணிக்கு நகர்ந்திருந்தது, அடுப்புப் பட்டையும் கூடவே நகர்ந்திருந்தது. ஆட்கள் எழுந்த பிறகு வருபவை ஆட்களோடு நகரும்; டைமரில் ஓடுபவையும் தானாக ஓடுபவையும் நகராது.

ஊகத்தை மீட்டர் விளக்கில் வைத்துச் சோதியுங்கள். செயலியில் அன்றைய படம் பல சமயம் மறுநாள்தான் வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே `3200 imp/kWh` என்பது போல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல் என்று பொருள். மீட்டருக்கு மீட்டர் அந்த எண் மாறும், உங்களுடையதில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மூன்று நிமிடம் வைத்து எண்ணுங்கள். பிறகு:

```
kW = சிமிட்டல் × 20 ÷ 3200
```

அந்த வீட்டில் விடுமுறை நாளன்று ஃபேன், விளக்கு, அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் 40. அதாவது 0.25 கிலோவாட். படத்தில் கண்ட அதே எண். பிறகு யூபிஎஸ்ஸுக்குப் போகும் கரண்டை மட்டும் நிறுத்தி எண்ணச் சொன்னேன். 16. அதாவது 0.10. ஆள் தெரியாமல் இருந்த 0.15 அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சோதனையில் ஒரு வழுக்கல் உண்டு. யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கினால், அதில் ஓடும் ஃபேனும் ரவுட்டரும் பேட்டரிக்கு மாறிவிடும். அவற்றின் செலவும் மீட்டரிலிருந்து மறைந்து, பழியெல்லாம் சார்ஜர் மேல் விழும். ஆகவே யூபிஎஸ் வழியாக ஓடுவதை எல்லாம் முதலில் அணைத்து எண்ணுங்கள், பிறகு யூபிஎஸ்ஸை நிறுத்தி எண்ணுங்கள். முந்தைய இரண்டு நாளில் பெரிய மின்தடை இருந்திருக்கவும் கூடாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி தீர்ந்து போயிருந்தால், நல்ல பேட்டரியே எட்டுப் பத்து மணி நேரம் 200 வாட்ஸுக்கு மேல் இழுத்து நிரம்பும். அது நியாயமான செலவு. கரண்ட் போகாத நாளிலும் விடாமல் இழுப்பதுதான் நோய்.

பேட்டரிக்கு ஐந்து வயது தாண்டியிருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு, டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைகிறது என்றும் சொன்னார்கள். மெக்கானிக் சோதித்ததில் ஒரு செல் செத்திருந்தது; நிரம்பவே முடியாத பேட்டரியை நிரப்ப சார்ஜர் ராப்பகலாக முயன்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 3.6 யூனிட். ஏசி எடுத்ததைவிடச் சற்று அதிகம். இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். பேட்டரியை மாற்றிய பின் வந்த படத்தில் காலி வீட்டுப் பட்டை 0.12க்கு இறங்கியிருந்தது.

செயலியின் மணியைச் சரிபாருங்கள். "7" என்று எழுதிய பட்டை சில செயலிகளில் 7 முதல் 8 வரையிலான செலவு. சிலவற்றில் 6 முதல் 7 வரையிலான செலவு. ஒருநாள் மதியம் சரியாக 2 முதல் 3 வரை ஆயிரம் வாட்ஸ் அயர்ன் பாக்ஸையோ வாட்டர் ஹீட்டரையோ போட்டு, மறுநாள் எந்தப் பட்டை எழுகிறது என்று பாருங்கள். அயர்ன் பாக்ஸ் விட்டுவிட்டு எரியும் என்பதால் ஒரு யூனிட் முழுசாக வராது. அதில் தவறில்லை, நமக்கு வேண்டியது மணி.

செய்யக்கூடாதவை

ஒரு பட்டையின் உயரத்தை வைத்துச் சாதனத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். அரை யூனிட் என்பது மோட்டார் அரை மணி ஓடியதாக இருக்கலாம், கீசர் ஒருமுறை சூடானதாக இருக்கலாம், இண்டக்ஷன் அடுப்பு கால் மணி முழு வேகத்தில் எரிந்ததாக இருக்கலாம், ஏழு ஃபேன் ஒரு மணி சுற்றியதாகக்கூட இருக்கலாம். உயரம் ஒரு துப்பு. எந்த மணி, எத்தனை நாள் தொடர்ந்து, அடுத்த பட்டை எப்படி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பெயர் சொல்லலாம். அப்போதும் "இருக்கலாம்" என்றே சொல்லுங்கள்.

உயரமான பட்டையே பில்லுக்குக் காரணம் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டின் உச்ச மணி காலை 6 முதல் 7 வரை. சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு பட்டை 1.9 யூனிட்தான். இரவு 10 முதல் காலை 6 வரை நடுத்தர உயரத்தில் நின்ற எட்டுப் பட்டைகளைக் கூட்டினால் 6.6, நாள் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பூட்டிய வீட்டின் ஏழு குட்டைப் பட்டைகளுமே சேர்ந்து 1.75 ஆகின்றன, உச்சப் பட்டைக்கு ஏறக்குறைய இணையாக. கண் உயரத்தைப் பார்க்கும், பில் பரப்பைக் கூட்டும்.

கிரைண்டரையும் மிக்ஸியையும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 150 வாட்ஸ் கிரைண்டர் அரை மணி மாவாட்டினால் 0.08 யூனிட்கூட ஆகாது. 750 வாட்ஸ் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் அதற்கும் கீழே. சத்தம் போடும் சாதனம் எல்லாம் செலவாளி இல்லை. பெரும் செலவு பெரும்பாலும் சூடாக்குவதிலும் குளிராக்குவதிலும் தண்ணீர் ஏற்றுவதிலும்தான் இருக்கிறது. வாஷிங் மெஷினிலும் அப்படித்தான்: குளிர்ந்த நீரில் துவைத்தால் படத்தில் தெரியவே தெரியாது, அதே மெஷினில் 60 டிகிரி வெந்நீர் வைத்தால் ஒரு யூனிட் பக்கம் எழும்.

பூஜ்யப் பட்டையை நம்பிவிடாதீர்கள். ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டில் ஒரு மணி முழுக்கப் பூஜ்யம் என்றால் இரண்டில் ஒன்று. கரண்ட் போயிருக்க வேண்டும், அல்லது மீட்டரிலிருந்து தகவல் வராமல் இருக்க வேண்டும். கரண்ட் போயிருந்தால் அடுத்து வரும் பல பட்டைகள், யூபிஎஸ் நிரம்பும்வரை, வழக்கத்தைவிட 0.2, 0.3 தூக்கலாக நிற்கும். தகவல் அறுந்திருந்தால் அந்தத் தூக்கல் இருக்காது. பின்னால் ஏதோ ஒரு மணியில் விட்டதெல்லாம் சேர்ந்து ஒரு பூதப் பட்டை எழலாம், அல்லது சில மணிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே எண்ணைக் காட்டலாம். 24 பட்டைகளையும் கூட்டி, மீட்டர் திரையில் நேற்று இன்று ஓடிய ரீடிங் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கூட்டுத்தொகை இடிக்கும் நாளின் படத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு நாளை எடுங்கள்.

இரண்டு படங்களைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள். பெரும்பாலான செயலிகள் அன்றைய உயரமான பட்டைக்கு ஏற்ப அளவுகோலைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். திங்கள்கிழமை 2 யூனிட் தொட்ட அதே உயரத்தைச் செவ்வாய்க்கிழமை 1 யூனிட் தொட்டிருக்கும். "ஏசி போடாத நாளிலும் அதே அளவு காட்டுது" என்று மீட்டர் மேல் புகார் எழுதக் கிளம்புகிறவர்களில் சிலர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருப்பார்கள். எண்ணைப் பாருங்கள்.

மணிக் கணக்கையும் உச்ச சுமையையும் குழப்பாதீர்கள். காலை 6 மணிப் பட்டை 1.9 யூனிட் என்பதால், அந்த நேரத்தில் வீட்டின் சுமை 1.9 கிலோவாட்தான் என்று ஆகாது. கீசர் 2, மோட்டார் 1, இண்டக்ஷன் 1.8 என்று மூன்றும் பத்து நிமிடம் சேர்ந்து எரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் சுமை 5 கிலோவாட்டை நெருங்கியிருக்கும். மீட்டர் இந்த உச்சத்தை மணிக் கணக்கில் இல்லாமல் 15 அல்லது 30 நிமிடச் சராசரியாகத் தனியே குறித்துக்கொள்ளும். செயலியிலோ பில்லிலோ `MD` என்று பார்க்கலாம். அனுமதிக்கப்பட்ட சுமையைத் தாண்டுகிறதா என்ற கேள்விக்கு விடை அங்கேதான், மணிப் பட்டையில் இல்லை. டிரிப்பர் காலையில் மட்டும் விழுகிறது என்றாலும் இதே கதைதான்: கீசர் அணைந்த பிறகு மோட்டாரைப் போடுங்கள். யூனிட் குறையாது, சுமை குறையும்.

கட்டண முறை தெரியாமல் வேலைகளை வேறு மணிக்கு மாற்றாதீர்கள். உங்கள் வீட்டின் உச்ச மணி வேறு, மின்வாரியம் அறிவிக்கும் உச்ச மணி வேறு. மொத்த யூனிட்டுக்குப் படிக்கட்டு முறையில் கட்டணம் போடும் இடத்தில், துணியை இரவு துவைத்தாலும் பகலில் துவைத்தாலும் ஒரே காசு. அங்கே குறைக்க வேண்டியது யூனிட்டை. நேரத்துக்கு ஏற்ற கட்டணம் இருந்தால்தான் மணி முக்கியம். 2023இல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோது, சூரிய ஒளி மணிகளில் வழக்கமான கட்டணத்தைவிட 20 சதவீதமாவது குறைவு, உச்ச மணிகளில் வீடுகளுக்கு 10 சதவீதமாவது அதிகம் என்று வரையறுத்தது. ஆனால் எந்த மணி உச்சம், உங்கள் வகை இணைப்புக்கு அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதெல்லாம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணையில்தான் இருக்கும். பில்லைத் திருப்பிப் பாருங்கள். யூனிட்கள் நேரவாரியாகப் பிரித்து அச்சிடப்படவில்லை என்றால், 2 மணிக்கு எழுந்து மெஷின் போடும் தியாகம் வேண்டாம்.

சோதிக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒன்றாக அணைக்காதீர்கள், ஒன்றாகப் போடவும் செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சாதனம். ஃப்ரிட்ஜை மணிக்கணக்கில் அணைத்து வைத்துச் சோதித்தால், திரும்பப் போட்டதும் அது இழந்த குளிரைப் பிடிக்க விடாமல் ஓடும். அடுத்த இரண்டு மூன்று பட்டைகளும் பொய் சொல்லும். மீட்டர் பெட்டியைத் திறப்பதும் பேட்டரி முனைகளைக் கழற்றுவதும் எலக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது சுவிட்சைத் தட்டுவதும் விளக்கை எண்ணுவதும் மட்டும்.

படத்தை அப்படியே குழுவில் போடாதீர்கள். மேலே இணைப்பு எண் இருக்கும், பெயர் இருக்கும், சிலவற்றில் முகவரியும் இருக்கும். அவற்றை அழித்துவிட்டாலும், தினமும் காலை 9 முதல் 4 வரை மட்டமாகக் கிடக்கும் பட்டைகள் அந்த நேரத்தில் வீட்டில் ஆளில்லை என்று சொல்கின்றன; மூன்று நாள் தொடர்ந்து மட்டமாக இருந்தால் ஊரிலேயே இல்லை என்று சொல்கின்றன. கேட்க வேண்டிய ஆளுக்குத் தனியாக அனுப்புங்கள். கூடவே வீட்டில் உள்ள சாதனங்களின் வாட்ஸ், அன்று யார் எப்போது வெளியே போனார்கள், கரண்ட் போனதா என்பதையும் நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் வரும் படத்துக்கு என்னாலும் "ஏசியா இருக்கலாம்" என்றுதான் பதில் போட முடியும்.